தையல் கடைக்கு வந்த மோசமான விமர்சனம்: தவறை ஒப்புக்கொண்டு பதில் எழுதுவது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இங்கே உள்ள பதில்கள் எல்லாம் ஒரே ஒரு விமர்சனத்தை எடுத்துக்காட்டாக வைத்து எழுதப்பட்டவை. விமர்சனம் இது:

"அளவு எடுத்துத்தான் தைத்தார்கள். பிளவுஸ் மார்பில் பிடிக்கிறது, கையைத் தூக்கவே முடியவில்லை. சொன்ன தேதிக்கு இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. கேட்டால் 'நீங்க உடம்பு போட்டிருப்பீங்க' என்கிறார்கள். விசேஷத்துக்குப் பழைய பிளவுஸைத்தான் போட்டுக்கொண்டு போனேன். நல்ல துணி வீண்."

இப்படி ஒரு விமர்சனம் வந்துவிட்டது. உடனே பதில் போட்டுவிடலாமா?

ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம். அந்த ஒரு நாளில் மூன்று வேலை முடிய வேண்டும்: அந்த ஆர்டரின் அளவுச் சீட்டை எடுப்பது, அந்தத் துணியின் மிச்சத் துண்டு கடையில் இருக்கிறதா என்று பார்ப்பது, அன்று அளவெடுத்தவர், வெட்டியவர், கவுண்டரில் இருந்தவர் மூவரிடமும் தனித்தனியாகக் கேட்பது.

இதைச் செய்யாமல் எழுதும் பதில் இரண்டில் ஒன்றாகத்தான் முடியும். "சிரமத்துக்கு வருந்துகிறோம், கடைக்கு வாருங்கள்" என்று எதையும் சொல்லாத பதிலாக இருக்கும். அல்லது "இலவசமாகச் சரிசெய்து தருகிறோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பிளவுஸ் கைக்கு வந்த பிறகு உள்ளே பிரிக்கத் துணியே இல்லை என்று தெரிய வரும். இரண்டாவதுதான் அதிக சேதம். ஏற்கெனவே ஒரு முறை ஏமாந்தவரை இன்னொரு முறை வரவழைத்துத் திருப்பி அனுப்பியதாகிவிடும்.

விமர்சனத்தை ஒரு தாளில் எழுதி, அதில் எத்தனை குறை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மேலே உள்ளதில் நான்கு: அளவு, தாமதம், கவுண்டரில் சொன்ன வார்த்தை, வீணான துணி. நான்குக்கும் பதிலில் ஒரு வரியாவது இருக்க வேண்டும். கடைக்காரர்கள் வழக்கமாக அளவுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, அந்த வார்த்தையை விட்டுவிடுகிறார்கள். அவரை எழுத வைத்ததே பெரும்பாலும் அந்த வார்த்தைதான்.

தவறு நம் பக்கம்தான் என்று எப்படி உறுதிசெய்வது?

சீட்டிலிருந்து தொடங்குங்கள். மார்புச் சுற்று 36 என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது உடம்பில் டேப் வைத்து எடுத்த அளவா, தைத்து முடிந்த பிளவுஸ் இருக்க வேண்டிய அளவா? தையல் கடைகளில் நடக்கும் அளவுத் தவறுகளில் நிறைய இந்த ஓர் இடத்தில்தான் பிறக்கின்றன. உடம்பில் எடுத்தவர் 36 என்று எழுதுகிறார், வெட்டுபவர் லூஸ் சேர்த்துக்கொள்வார் என்று நினைத்து. அளவு பிளவுஸ் வைத்து வெட்டிப் பழகியவரோ, சீட்டில் உள்ளது லூஸ் சேர்த்த அளவு என்று எடுத்துக்கொண்டு அப்படியே வெட்டுகிறார். உடம்போடு ஒட்டித் தைக்கும் பிளவுஸுக்கே மார்பில் 1 முதல் 2 அங்குலம் லூஸ் வேண்டும். அது முழுவதும் காணாமல் போய்விடுகிறது.

கை தூக்க முடியாததும் பெரும்பாலும் இதே தவறின் இன்னொரு முகம்தான். பல கட்டிங் முறைகளில் ஆர்ம்ஹோலின் ஆழமும் அகலமும் மார்பளவைப் பங்கிட்டுத்தான் வரையப்படுகின்றன. மார்பளவு குறைந்தால் ஆர்ம்ஹோலும் கூடவே சிறுத்துவிடும், அதற்கு ஏற்றபடி கையின் அகலமும் குறையும். ஒரே எண்ணைத் தவறாகப் படித்ததால் மூன்று இடத்தில் பிடிக்கிறது.

பிளவுஸ் கைக்கு வந்ததும் உறுதிசெய்வது எளிது. ஹூக்கெல்லாம் மாட்டி மேசையில் சமமாக விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 18 அங்குலம் வந்தால் முடிந்த சுற்று 36. சீட்டில் உள்ள உடம்பளவும் 36 என்றால் லூஸ் இல்லை, தவறு கட்டிங்கில். 19 வந்தால் சுற்று 38. அப்போது லூஸ் இருக்கிறது, காரணம் வேறெங்கோ இருக்கிறது.

ட்ரையல் போட்டுப் பார்க்கச் சம்மதித்தால், சுருக்கங்கள் போகும் திசை மிச்சத்தைச் சொல்லும். ஹூக் பட்டி வாய் பிளந்து, மார்பைச் சுற்றிக் குறுக்கே கோடுகள் ஓடினால் சுற்றளவு போதவில்லை. அக்குளிலிருந்து மார்பு முனையை நோக்கிச் சாய்வாக இழுத்தால் டாட் போதிய ஆழம் இல்லை. முதுகில் இரண்டு ஆர்ம்ஹோலுக்கும் நடுவே இழுத்தால் பின்பக்க அகலம் குறைவு. இது ஏன் முக்கியம் என்றால், பக்கத் தையலைப் பிரித்துவிடுவது முதல் வகைக்குத்தான் முழு மருந்து. டாட் தவறாக இருக்கும்போது பக்கத்தைப் பிரித்தால், இடுப்பில் தொளதொளவென்று ஆகி மார்பில் அதே இழுப்பு இருக்கும்.

தொலைவில் இருப்பவர் என்றால் படம் கேட்கலாம். ஆனால் உடுத்திய படத்தைக் கேட்காதீர்கள். பிளவுஸை உள்புறம் வெளியே தெரியத் திருப்பி, பக்கத் தையலும் கையின் அடித்தையலும் தெரியும்படி, பக்கத்தில் டேப் வைத்து எடுத்த ஒரு படம் போதும். பிரிக்க எவ்வளவு துணி இருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சரி, பதில் எப்படி இருக்க வேண்டும்? ஒரு மாதிரி காட்டுங்கள்.

"வணக்கம். நீங்கள் எழுதியது சரிதான். உங்கள் அளவுச் சீட்டை எடுத்துப் பார்த்தோம். உடம்பில் எடுத்த அளவுக்கு மேல் சேர்க்க வேண்டிய லூஸை வெட்டும்போது சேர்க்கவில்லை. மார்பில் பிடிப்பதற்கும் கையைத் தூக்க முடியாததற்கும் காரணம் அதுதான். தவறு எங்களுடையது. அதைச் சொல்ல வந்த உங்களிடம் உடம்பைப் பற்றிப் பேசியது அதைவிடப் பெரிய தவறு. அதற்காக மன்னிப்புக் கேட்கிறோம். இரண்டு நாள் தாமதமாகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. விசேஷத்துக்கு அதை உடுத்த முடியாமல் போனதை எங்களால் ஈடுசெய்ய முடியாது.

பிளவுஸைக் கொண்டு வாருங்கள், அல்லது நாங்களே ஆள் அனுப்பி வாங்கிக்கொள்கிறோம். உள்ளே விட்டிருக்கும் துணி போதுமானால், மூன்று நாளில் கட்டணம் இல்லாமல் சரிசெய்து, ட்ரையல் பார்த்துத் தருகிறோம். போதாவிட்டால் அதே ரகத் துணியை எங்கள் செலவில் வாங்கிப் புதிதாகத் தைத்துத் தருகிறோம். இரண்டும் வேண்டாம் என்றால் தையல் கூலியோடு துணியின் விலையையும் திருப்பித் தருகிறோம். எது என்பது உங்கள் முடிவு. பில்லில் உள்ள எண்ணில் அழைத்தால் கடை உரிமையாளரே பேசுவார்."

முதல் பத்தியில் "ஆனால்" என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். "தவறுதான், ஆனால் அன்று வேலை அதிகம்" என்று எழுதினால் படிப்பவர் மனதில் நிற்பது வேலை அதிகம் என்பது மட்டும்தான். காரணம் சொல்வதில் தவறில்லை, அது எங்கே தவறினோம் என்பதைச் சொல்லும் காரணமாக இருக்க வேண்டும். லூஸ் சேர்க்கவில்லை என்பது அப்படிப்பட்டது. சீசன் நேரம், கரண்ட் இல்லை, வெட்டுபவர் புதியவர் என்பதெல்லாம் பொறுப்பை வேறு யார் தலையிலோ இறக்கி வைக்கும் காரணங்கள். குறிப்பாக, "புது ஆள் வெட்டிவிட்டார்" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். துணியை வாங்கியது கடை. வெட்டியவர் யார் என்பது கடைக்குள்ளே பேசிக்கொள்ள வேண்டியது.

"உங்களுக்குத் திருப்தி இல்லாததற்கு வருந்துகிறோம்" என்பதையும் தவிருங்கள். அது அவருடைய மனநிலைக்கு வருந்துகிறது, நம் கத்திரிக்கு வருந்தவில்லை.

"ஈடுசெய்ய முடியாது" என்ற வரியைச் சிலர் எடுத்துவிடச் சொல்வார்கள், கடையைத் தாழ்த்திக் காட்டுகிறது என்று. இருக்கட்டும். விசேஷம் முடிந்துவிட்டது. இனி எவ்வளவு நன்றாகத் தைத்துக் கொடுத்தாலும் அந்த நாள் போனது போனதுதான். அதைச் சொல்லாமல் நேரே இலவசத் திருத்தத்துக்குத் தாவினால், பட்ட வருத்தத்தை ஒரு பிளவுஸால் மூடப் பார்ப்பது போல இருக்கும்.

சீட்டில் உள்ள அளவையே போட்டு விளக்கினால் இன்னும் நம்பகமாக இருக்குமே?

கூடாது. மேலே உள்ள மாதிரிப் பதிலில் அளவைச் சொல்லும் ஓர் எண்கூட இல்லாதது இதனால்தான். "உங்கள் மார்பளவு 36, நாங்கள் 38 வைக்க வேண்டியதை..." என்று எழுதினால் தவறை முழு மனதோடு ஒப்புக்கொண்டதாக உங்களுக்குத் தோன்றும். ஆனால் ஒரு பெண்ணின் உடம்பளவை அவர் பெயருக்குக் கீழே, ஊரே படிக்கும் இடத்தில் போட்டுவிட்டீர்கள். அளவுச் சீட்டு நம்மை நம்பித் தந்தது. அதில் உள்ள எதுவும் வெளியே போகக் கூடாது. தொலைபேசி எண், வீடு இருக்கும் தெரு, என்ன விசேஷத்துக்காகத் தைத்தார், வேறு என்னென்ன கொடுத்திருக்கிறார் என்பவற்றுக்கும் இதே விதிதான். எண்களை நேரிலோ போனிலோ அவரிடம் மட்டும் சொல்லுங்கள். அங்கே கட்டாயம் சொல்லுங்கள், டேப்பை வைத்தே காட்டுங்கள்.

"பிரித்துச் சரிசெய்து தருகிறோம்" என்று எந்த அளவுக்கு உறுதி கொடுக்கலாம்?

உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்பதுதான் இதை முடிவுசெய்யும். கணக்கு எளிது, ஆனால் அவசரத்தில் தவறும். ஒரு பிளவுஸுக்கு இரண்டு பக்கத் தையல். ஒவ்வொன்றிலும் முன்பாகம், பின்பாகம் என்று இரண்டு விளிம்பு. ஆக நான்கு விளிம்பு. ஒவ்வொரு விளிம்பிலும் அரை அங்குலம் வெளியே விட்டால் மொத்தச் சுற்றில் 2 அங்குலம் கிடைக்கும்.

நம் எடுத்துக்காட்டில் 36-ஐ 38 ஆக்க வேண்டும். அதாவது விளிம்புக்கு அரை அங்குலம். புதுத் தையலுக்கு வெளியே குறைந்தது கால் அங்குலமாவது துணி மிச்சம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலு முறை உடுத்துவதற்குள் பிசிர் பிரிந்து தையல் விட்டுவிடும். ஆகவே பழைய தையலிலிருந்து விளிம்பு வரை முக்கால் அங்குலம் இருந்தால் வேலை நடக்கும். அரை அங்குலம்தான் இருக்கிறது என்றால், கால் அங்குலம்தான் விட முடியும், சுற்றில் 1 அங்குலம்தான் கூடும். அது 37. உடுத்தலாம், ஆனால் சரியான அளவு இல்லை. இதை வாடிக்கையாளரிடம் அப்படியே சொல்லிவிட்டுப் புதுத் துணி எடுக்கட்டுமா என்று கேளுங்கள். "சரியாகிவிடும்" என்று சமாளித்துக் கொடுக்காதீர்கள்.

இனிதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். கையை ஆர்ம்ஹோலில் இணைத்த பிறகு, கையின் அடித்தையலையும் பக்கத் தையலையும் ஒரே ஓட்டமாகப் போட்டிருந்தால், பிரிக்கும்போதும் ஒரே ஓட்டமாகவே போக வேண்டும். உடம்புப் பகுதியில் முக்கால் அங்குலம் தாராளமாக இருக்கும். கையில் ஓவர்லாக் அடிக்கும்போது கத்தி வெட்டிவிட்டதால் கால் அங்குலம்தான் மிஞ்சியிருக்கும். உடம்பை அரை அங்குலம் விட்டு, அக்குளில் வந்ததும் தையலை உள்ளே சாய்த்துப் பழைய கைத்தையலோடு சேர்த்தால், மார்பு சரியாகிவிடும், கை அப்படியே பிடிக்கும். விமர்சனத்தில் எழுதிய இரண்டாவது குறை தீரவே தீராது.

அப்போது மிச்சத் துணி கை கொடுக்கும். கையின் அடித்தையலை முழுதும் பிரித்து, அக்குளிலிருந்து கையின் முனை வரை ஒரு நீளத் துண்டை வைத்துத் தைக்கலாம். உடம்பில் முன்னே அரை, பின்னே அரை என்று விட்டதால் அக்குளில் 1 அங்குலம் கூடியிருக்கிறது. எனவே தைத்து முடிந்த துண்டின் அகலமும் 1 அங்குலம் இருக்க வேண்டும். இருபுறமும் கால் அங்குலம் தையலுக்குப் போகும். வெட்டும் அகலம் ஒன்றரை அங்குலம். துண்டின் மேல்முனை ஆர்ம்ஹோல் தையலோடு சேர்கிறது, கீழ்முனை கைமடிப்போடு மடிகிறது. துணியின் இழை ஓடும் திசை கையில் எப்படியோ அப்படியே துண்டிலும் இருக்கட்டும். கையைத் தொங்கவிட்டால் இந்தத் துண்டு வெளியே தெரியாது. தூக்கினால் தெரியும், அதனால் முதலிலேயே சொல்லி, சம்மதம் வாங்கிக்கொண்டு செய்யுங்கள். சம்மதிக்காவிட்டால் புதுத் துணிதான் வழி.

அக்குளில் பிடிக்கிறது என்றால் ஆர்ம்ஹோலை இன்னும் கீழே வெட்டிவிடலாம் என்று கை பரபரக்கும். அவசரப்படாதீர்கள். அக்குளை விட்டுக் கீழே இறங்கிய ஆர்ம்ஹோலில் கையைத் தூக்கும்போது முழு பிளவுஸும் கூடவே மேலே ஏறும். கை தூக்க வசதி தருவது கையின் அகலம்தான், ஆர்ம்ஹோலின் ஆழம் ஓர் எல்லைக்கு மேல் எதிராகவே வேலை செய்யும். மேலும், ஒரு முறை வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. பிரித்ததைத் திரும்பத் தைக்கலாம்.

பிரிக்கும் வேலையில் ஒரு சிறு ஒழுங்கு நேரத்தையும் துணியையும் காக்கும். புதுத் தையல் பழைய தையலுக்கு வெளியேதான் வருகிறது. ஆகவே பழையதைப் பிரிப்பதற்கு முன்பே புதுத் தையலை ஓட்டிவிடுங்கள். துணி நகராது, லைனிங்கும் மேல்துணியும் ஒன்றாகவே நிற்கும். பிறகு பழைய தையலில் நாலைந்து கண்ணுக்கு ஒன்றாக நூலை அறுத்து, மறுபக்க நூலை இழுத்தால் முழுதாக உருவி வந்துவிடும். துண்டு வைக்கும் கைப்பகுதிக்கு மட்டும் இது பொருந்தாது, அங்கே முதலில் பிரிக்கத்தான் வேண்டும்.

எல்லாத் துணியையும் இப்படிப் பிரிக்கலாமா?

பருத்தியில் ஊசித் துளைகள் தண்ணீர் தெளித்து ஆவி இஸ்திரி போட்டால் பெரும்பாலும் மூடிவிடும். பட்டிலும் சாட்டினிலும் துளை வரிசை நிலைத்து நிற்கலாம். வெல்வெட்டில் தையல் அழுத்திய கோடு தெரியும். தோலிலும் ரெக்ஸினிலும் துளை போனால் போனதுதான். சாயம் வெளுத்த துணியானால், உள்ளே மடிந்திருந்த பகுதி வெளியே வரும்போது அடர் நிறத்தில் ஒரு பட்டை தெரியும். எந்தத் துணி என்று சீட்டில் பார்த்துவிட்டு, பட்டோ சாட்டினோ என்றால் பதிலில் "சரிசெய்து தருகிறோம்" என்பதை முதல் வாக்காக வைக்காதீர்கள். துணியைப் பார்த்த பிறகு சொல்கிறோம் என்றும், தடம் தெரியும் என்றால் புதுத் துணி எங்கள் செலவு என்றும் எழுதுங்கள்.

தையல் கூலியைத் திருப்பிக் கொடுத்தால் போதாதா? நாம் வாங்கியது அவ்வளவுதானே?

நாம் வாங்கியது கூலி, ஆனால் கெடுத்தது துணி. அந்தத் துணி அவர் பார்த்துப் பார்த்து எடுத்தது. அதன் விலை பல நேரம் கூலியைவிட அதிகம். கூலியை மட்டும் திருப்பினால் வாடிக்கையாளர் இன்னும் நட்டத்திலேயே இருக்கிறார், கடை மட்டும் கணக்கை முடித்துக்கொண்டது.

கடைக்கு இது கனமான செலவுதான், மறுக்க முடியாது. அதனால்தான் வரிசை முக்கியம். உள்ளே விட்ட துணியில் சரிசெய்வது முதலில், ஏனென்றால் அவருக்குத் தான் எடுத்த துணியே கிடைக்கிறது, கடைக்கு ஒரு மணி நேர வேலையோடு போகிறது. மிச்சத் துண்டு வைத்துச் சரிசெய்வது அடுத்து. புதுத் துணி அதற்கும் அடுத்து. பணம் கடைசி. ஆனால் இந்த வரிசை கடை முன்வைப்பது மட்டும்தான். அவர் நேரே பணம் வேண்டும் என்றால் கொடுத்துவிடுங்கள், அதில் பேரம் வேண்டாம். கெடுத்துவிட்ட கடையிலேயே இன்னொரு துணியைக் கொடுக்க மனம் வராதது இயல்பு.

அடுத்த முறை தைக்கும்போது தள்ளுபடி என்பதை ஈடாகச் சொல்லவே சொல்லாதீர்கள். போன முறை கெட்டதற்கு ஈடு வாங்க இன்னொரு முறை நம்மிடம் காசு கொடுக்கச் சொல்வது அது.

பாதித் தவறு அவர் பக்கமும் இருந்தால்?

இரண்டு நிலைமைகள் அடிக்கடி வரும். ஒன்று, அளவுக்குக் கொடுத்த பழைய பிளவுஸ் இழுபடும் துணியில் தைத்தது, புதுத் துணி இழுபடாதது. விரித்து அளந்தால் இரண்டும் அங்குலம் பிசகாமல் ஒன்றாக இருக்கும், உடுத்தினால் புதியது மட்டும் பிடிக்கும். அவர் கொடுத்த அளவுக்கே தைத்தோம் என்பது உண்மை. ஆனாலும், இழுபடும் துணியைக் கையில் வாங்கியதும் கவனித்து "இதை அளவுக்கு வைக்க முடியாது, உடம்பில் எடுக்கிறோம்" என்று சொல்ல வேண்டியவர் தையல்காரர்தான். துணியைத் தெரிந்தவர் அவர். இதை நம் தவறாகவே எழுதுங்கள்.

இன்னொன்று, முதல் துவைப்புக்குப் பிறகு வரும் குறை. முன்பே நனைக்காத பருத்தித் துணி முதல் நனைப்பில் 3 விழுக்காடு சுருங்கினாலே 38 அங்குலச் சுற்றில் ஓர் அங்குலத்துக்கு மேல் போய்விடும். லைனிங் மட்டும் சுருங்கியிருந்தால் அடையாளம் வேறு: மேல்துணி பக்கத் தையலோரமாகவும் கழுத்தோரமாகவும் சின்னச் சின்ன மடிப்பாக உப்பி நிற்கும். லைனிங் கடையில் போட்டது என்றால் நனைக்காமல் தைத்தது முழுக்க நம் தவறு. துணி அவருடையது, நனைத்து வாங்கவா என்று நாம் கேட்டு, அவசரம் என்று அவர் வேண்டாம் என்றிருந்தால் அது வேறு. அப்போது நடந்ததைக் குற்றம் சாட்டாமல் ஒரு வரியில் சொல்லலாம்: "நனைக்காமல் தைத்ததால் துவைத்ததும் சுருங்கியிருக்கிறது. சுருங்கும் அளவை முன்னமே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே துணி இருக்கிறது, கட்டணம் இல்லாமல் பிரித்துத் தருகிறோம்."

உண்மையிலேயே உடம்பு மாறியிருந்தால்? விரித்து அளந்தபோது 38 வந்து, சீட்டு அளவுக்குச் சரியாகவும் இருந்தால் அப்படியும் இருக்கலாம். அதைப் பொதுவில் சொல்ல எந்த நாகரிகமான வழியும் இல்லை. "இப்போது மறுபடி அளவெடுத்து அதற்கேற்பச் சரிசெய்து தருகிறோம்" என்பதோடு நிறுத்திவிடுங்கள்.

அவர் பிளவுஸோடு கடைக்கு வந்துவிட்டார். என்ன செய்வது?

உரிமையாளர் அல்லது வெட்டுபவர் எழுந்து வந்து பேச வேண்டும். அந்த வார்த்தையைச் சொன்னவர் அங்கே இருந்தால் அவரே நேரில் மன்னிப்புக் கேட்பது நல்லது, ஆனால் எல்லோர் முன்னிலையிலும் வைத்துக் கேட்கச் சொல்லி அவரையும் வாடிக்கையாளரையும் கூசவைக்காதீர்கள். பிளவுஸை அவர் கண் முன்னே விரித்து, அளந்து, "இங்கே இரண்டு அங்குலம் வந்திருக்கணும் மேடம், விட்டுட்டோம். உள்ளே முக்கால் அங்குலம் இருக்கு, வந்துடும். கையில மட்டும் ஒரு துண்டு வைக்கணும், தூக்கினா லேசாத் தெரியும், பரவாயில்லையா?" என்று கேளுங்கள். இதைவிட நல்ல மன்னிப்பு தையல் கடையில் கிடையாது.

உடம்பளவை மறுபடி முதலிலிருந்து எடுங்கள். பழைய சீட்டில் ஒரு தவறு இருந்தால் இன்னொன்றும் இருக்கலாம். ட்ரையலில் கையை மேலே தூக்கவும், முன்னே நீட்டி எதையோ எடுப்பது போலச் செய்யவும், உட்காரவும் சொல்லுங்கள். கண்ணாடி முன் நேராக நின்றால் எந்தப் பிளவுஸும் சரியாகத்தான் தெரியும்.

பதில் எழுதியும் அவர் வரவே இல்லை.

பில்லில் உள்ள எண்ணுக்கு ஒரு முறை அழையுங்கள். எடுக்காவிட்டால் ஒரு செய்தி. அதோடு விட்டுவிடுங்கள். பொதுவில் எழுதிய வாக்குக்குக் காலக்கெடு வைக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து வந்தாலும் அதே வாக்கு நிற்க வேண்டும். அதனால் மிச்சத் துண்டை அவர் பில் எண்ணோடு ஓர் உறையில் போட்டு வையுங்கள், அது போய்விட்டால் துண்டு வைக்கும் வழி அடைபட்டுவிடும்.

நல்லபடியாகச் சரிசெய்து கொடுத்துவிட்டோம். விமர்சனத்தை எடுத்துவிடச் சொல்லலாமா?

எடுத்தால்தான் பணம், மாற்றி எழுதினால்தான் புதுத் துணி என்று கட்டுப்போடவே கூடாது. அப்போது அது பரிகாரம் இல்லை, விலை பேசுவது. பணமோ பொருளோ தள்ளுபடியோ கொடுத்து எதிர்மறை விமர்சனத்தை மாற்றவோ நீக்கவோ வைப்பதைக் கூகுளின் விமர்சன விதிகளும் தடைசெய்கின்றன.

கேட்காமலே இருப்பதுதான் சரி. உங்கள் பதிலைத் திருத்திக் கீழே ஒரு வரி சேர்க்கலாம்: "பிளவுஸைச் சரிசெய்து, ட்ரையல் பார்த்து ஒப்படைத்துவிட்டோம்." அவர் மகிழ்ச்சியாகச் சென்றார் என்று அவர் சார்பில் எழுத வேண்டாம். அதை எழுத வேண்டியவர் அவர்தான்.

"இனி நடக்காது" என்று பதிலில் போடலாமா?

கடையில் உண்மையில் ஒன்று மாறியிருந்தால் போடுங்கள், என்ன மாறியது என்பதைச் சேர்த்து. நம் எடுத்துக்காட்டில் மாற வேண்டியது அளவுச் சீட்டு. மார்பு, இடுப்பு, கைச்சுற்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருந்த இடத்தில் இரண்டு கட்டம்: "உடம்பு", "தைத்தபின்". அளவெடுப்பவர் இரண்டையும் நிரப்ப வேண்டும், 36 / 38 என்று. அளவு பிளவுஸ் மட்டும் வந்திருந்தால் முதல் கட்டத்தில் கோடு போட்டுவிட வேண்டும். ஒரு கட்டம் வெறுமையாக இருக்கும் சீட்டை வெட்டுபவர் கையில் எடுக்கக் கூடாது. ஓவர்லாக் போடுபவரிடம், கையின் அடித்தையலில் கத்தி ஓடாமல் முக்கால் அங்குலத்தை விடச் சொல்லுங்கள்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு, பதிலின் கடைசியில் இந்த ஒரு வரியைச் சேர்க்கலாம்: "உடம்பளவையும் தைத்து முடிய வேண்டிய அளவையும் இப்போது சீட்டில் தனித்தனியாக எழுதி, இரண்டையும் உங்களிடம் படித்துக் காட்டிய பிறகே வெட்டுகிறோம்."